எடையைக் குறைக்கச் சொல்லும் முன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்

முதியோருக்கு எடைக் குறைப்பு ஆலோசனை தரும் மருத்துவர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும்,

வணக்கம். நான் முதியோருக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் பார்த்து அனுப்பியவர்களில் பலர், சில மாதமோ ஒரு வருடமோ கழித்து, என்னிடம் வருகிறார்கள். கீழே விழுந்தார், படி ஏற முடியவில்லை, கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று யாராவது கூட்டி வருவார்கள். கையில் உங்கள் சீட்டு இருக்கும். அதில் பி.எம்.ஐ., சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருக்கும். 'எடையைக் குறைக்கவும், தினமும் நடக்கவும்' என்றும் இருக்கும். அவருடைய தசை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இருக்காது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

வயதானவர் ஒல்லியாகி, கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய வந்தால் தசை போய்விட்டது என்று நமக்கு உடனே புரிகிறது. உடம்பு கனத்தவரிடம் அது தெரிவதில்லை. தொடை பருமனாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பருமனுக்குள் தசை சுருங்கியிருக்கிறது, மிச்சமிருக்கும் தசையின் இழைகளுக்கு நடுவிலும் கொழுப்பு ஊடுருவியிருக்கிறது. அப்படிக் கொழுப்பு ஏறிய தசை, அதே அளவுள்ள நல்ல தசை தரும் விசையைத் தராது. சார்கோபீனிக் ஒபிசிட்டி என்று நாம் பாடத்தில் படித்தது இதைத்தான்: தசையிழப்பும் உடல் பருமனும் ஒரே உடம்பில். தூக்க வேண்டிய பாரம் கூடிக்கொண்டே போகிறது, தூக்கும் பலம் குறைந்துகொண்டே வருகிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் 'சாப்பாட்டைக் குறை, எடையைக் குறை' என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதை ஒருவரை வைத்தே சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு 68 வயது. உயரம் 155 செ.மீ. இரண்டு வருடத்துக்கு முன் எடை 78 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில், முழங்காலில் வலி. ஓர் எடைக் குறைப்பு மையத்தில் உணவுத்திட்டம் கொடுத்தார்கள். அம்மா அதை அச்சு பிசகாமல் பின்பற்றினார். காலையில் ஏறக்குறைய ஒன்றும் கிடையாது, மதியம் காய்கறி, இரவில் சூப்பும் பழமும். ஐந்து மாதத்தில் 8 கிலோ குறைந்து 70-க்கு வந்தார். எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அந்தச் சமயத்தில்தான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏற ஆரம்பித்திருக்கிறார். 'மெலிந்ததால் வந்த களைப்பு' என்று அதை விட்டுவிட்டார்கள். அப்புறம் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. உணவுத்திட்டம் தளர்ந்தது, ஒரு வருடத்துக்குள் எடை 77-க்குத் திரும்பியது. குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்.

தராசைப் பார்த்தால் இவர் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்துவிட்டார், ஒரு கிலோ லாபம் கூட. உடம்புக்குள் கணக்கு வேறு. உணவை மட்டும் குறைத்து இறங்கும் எடையில் சுமார் கால்வாசி கொழுப்பற்ற நிறை. அதில் தசை பெரும்பங்கு. திரும்ப ஏறும்போது அந்தக் கால்வாசி முழுதாகத் திரும்பி வருவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் பீவர்ஸ் குழுவினர் செய்து 2011-இல் வெளியான ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது: ஒரு கிலோ கொழுப்பு இறங்கியபோது கூடவே 0.26 கிலோ கொழுப்பற்ற நிறை போனது. ஒரு கிலோ கொழுப்பு மீண்டும் ஏறியபோது திரும்பி வந்தது 0.12 கிலோதான். அதாவது எடை இறங்கி ஏறும் ஒவ்வொரு சுற்றிலும் முதியவர் தசையைத் தொலைத்துக் கொழுப்பை வாங்கிக்கொள்கிறார். 78 கிலோவில் இருந்தபோது அந்த அம்மாவுக்கு இருந்த கால் பலம் 77 கிலோவில் இல்லை.

சரி, முதல் நாளே இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும். கைப்பிடி இல்லாத, சுமார் 45 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து தடவை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 2018-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய வரையறைப்படி 15 நொடிக்கு மேல் போனால் தசைபலம் குறைவு. ஆசிய நிபுணர் குழு 2019-இல் 12 நொடியையே எல்லையாக வைத்தது. இதற்கு ஆகும் நேரம் ரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தை விடக் குறைவு.

அந்த அம்மா முதல் தடவை உடம்பை முன்னும் பின்னும் ஊசலாட்டி, அந்த வேகத்தில் எழுந்தார். இரண்டாவது தடவை முழங்கால்கள் உள்ளே மடங்கி ஒன்றையொன்று தொட்டன. மூன்றாவதில் கட்டிய கை தானாக அவிழ்ந்து தொடைக்குப் போனது. நிறுத்தி, மறுபடி கட்டச் சொன்னேன். கடைசியில் உட்காரும்போது மெல்ல இறங்க முடியாமல் தொப்பென்று விழுந்தார். 22 நொடி. நொடியை மட்டும் பார்க்காதீர்கள், இந்த அடையாளங்களையும் பாருங்கள். தொப்பென்று உட்காருவதே தொடைத் தசை பாரத்தைத் தாங்கி இறக்க முடியவில்லை என்று சொல்லிவிடுகிறது.

முழங்கால் வலி இருந்தாலும் நேரம் நீளும் என்பது உண்மை. அதனால் கை எவ்வளவு விசையோடு இறுக்கிப் பிடிக்கிறது என்ற கைப்பிடிபலத்தையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அளவுப்படி ஆண்களுக்கு 27 கிலோவுக்குக் கீழ், பெண்களுக்கு 16 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு. அம்மாவுக்கு 15. முழங்காலுக்கும் கைப்பிடிபலத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் பழியை மூட்டின் மேல் மட்டும் போட முடியாது.

இங்கே உங்களில் சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது: 'டெக்சா ஸ்கேன் எடுத்தோம், தசை நார்மல் என்று வந்ததே?' இந்த அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. கை கால்களின் தசை நிறை 14.2 கிலோ. அதை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 5.9. பெண்களுக்கான எல்லை 5.5 என்பதால் அறிக்கையில் 'இயல்பு' என்று அச்சாகிவிட்டது. ஆனால் கனத்த உடம்பைச் சுமந்தே பழகியவருக்குத் தசை நிறை இயல்பாகவே சற்று அதிகமாக இருக்கும். உயரத்தால் வகுக்கும்போது அவர் தேறிவிடுவார். கேட்க வேண்டிய கேள்வி, இந்தத் தசை இந்த எடையைத் தூக்கப் போதுமா என்பது. அதே 14.2-ஐ எடையால் வகுங்கள்: 77 கிலோவில் 18.4 சதவீதம். பெண்களுக்கு இந்தக் கணக்கில் பயன்படும் ஓர் எல்லை 19.4. உடல் கொழுப்பு 49 சதவீதம். ஒரே ஸ்கேன், ஒரே எண், வகுத்த விதத்தில் நோய் ஒளிந்தும் வெளிப்பட்டும் போகிறது. 2022-இல் ஐரோப்பாவின் ஊட்டச்சத்துச் சங்கமும் உடல் பருமன் ஆய்வுச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட கருத்தொற்றுமை, முதலில் பலத்தைச் சோதி, அப்புறம் எடையோடு ஒப்பிட்டுத் தசையைப் பார் என்று வரிசையைத் தெளிவாகவே வைத்துவிட்டது. ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் பலத்தை மட்டும் வைத்தே சிகிச்சையை ஆரம்பிக்கலாம். கெண்டைக்காலின் சுற்றளவை டேப்பால் அளந்து திருப்திப்பட வேண்டாம், கொழுப்பும் வீக்கமும் அந்த அளவைக் கூட்டிவிடும். உடம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் தராசும் கால் வீக்கம் உள்ளவரிடம் நீரையும் தசையாக எண்ணிவிடும்.

இனி சிகிச்சை. 'தினமும் நடங்கள்' என்ற அறிவுரை ஏன் போதாது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. டெனிஸ் வில்லாரியல் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள முதியவர்கள் 160 பேர். எடை குறைக்கும் உணவோடு ஒரு பிரிவினர் நடை போன்ற ஏரோபிக் பயிற்சி செய்தார்கள், ஒரு பிரிவினர் எடைப்பயிற்சி, இன்னொரு பிரிவினர் இரண்டும். ஆறு மாத முடிவில் மூன்று பிரிவிலும் எடை கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தது. ஆனால் கொழுப்பற்ற நிறை, ஏரோபிக் மட்டும் செய்தவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தது, எடைப்பயிற்சி செய்தவர்களுக்கு 2 சதவீதம்தான். இடுப்பெலும்பின் அடர்த்தி முதல் பிரிவில் 3 சதவீதம் போனது, எடைப்பயிற்சிப் பிரிவில் அரை சதவீதம். அன்றாட வேலை செய்யும் திறன் அதிகம் கூடியது இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கு. நடையை நிறுத்தச் சொல்லவில்லை. நடை இதயத்துக்கு நல்லது. தசையைக் காக்கும் பொறுப்பை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

வயதானவருக்கு எடைப்பயிற்சியா என்று தயங்குபவர்கள், மரியா ஃபியட்டரோன் 1990-இல் வெளியிட்ட ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதுள்ள பத்துப் பேர். எட்டு வாரம், பாரமான எடையோடு தொடைப் பயிற்சி. முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதே ஆய்வாளர் 1994-இல் நூறு பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், பயிற்சி இல்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. புரதப் பொடி டப்பா ஒன்றை எழுதிக்கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விட்டு, ஐந்து பயிற்சிகள் கொடுத்தேன். நாற்காலியிலிருந்து எழுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை நெஞ்சுப் பக்கம் இழுப்பது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறி இறங்குவது. எந்தப் பயிற்சி என்பதை விட எவ்வளவு கடினம் என்பதே முக்கியம். எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை செய்ததும் 'இன்னும் இரண்டு தான் முடியும்' என்று அவருக்குத் தோன்ற வேண்டும். பேசிக்கொண்டே இருபது தடவை செய்ய முடிந்தால் அது தசையை வளர்க்கும் பாரம் இல்லை. நாற்காலியில் முதலில் இரண்டு மெத்தை போட்டு உயர்த்தினோம், ஏனென்றால் சாதாரண உயரத்தில் அவரால் ஐந்து தடவை கூட ஒழுங்காக எழ முடியவில்லை. இரண்டு முறை தொடர்ந்து பன்னிரண்டை எளிதாக எட்டியதும் ஒரு மெத்தையை எடுத்தோம். அப்புறம் இரண்டாவதையும். அதன் பிறகு மூன்று நொடி எண்ணி மெல்ல உட்காரச் சொன்னேன். நாலாவது மாதத்தில் கையில் இரண்டு கிலோ வைத்துக்கொண்டு எழுந்தார்.

இப்படிப் பாரத்தைக் கூட்டாமல் விடும்போதுதான் இந்தப் பயிற்சிகள் வீணாகின்றன. ஆறு மாதம் கழித்தும் அதே மஞ்சள் பட்டை, அதே பத்து தடவை என்று ஓடிக்கொண்டிருக்கும். ஆள் தவறாமல் வருவார், பலம் கூடாது. எங்கள் துறையில் நிறையவே நடக்கிற தவறு இது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூட்டுவலி உள்ளவருக்கு நான் வைக்கும் விதி: பத்துக்கு மூன்று நான்கு வரை வலி இருந்தால் செய்யலாம், மறுநாளுக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும், பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, எழும்போது மூச்சை விட வேண்டும். கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஓய்வில் இருக்கும்போதே வரும் நெஞ்சுவலி, சமீபத்தில் கண் அறுவைச் சிகிச்சை, இவை இருந்தால் ஆரம்பிக்கும் முன் உங்கள் சம்மதம் எனக்கு வேண்டும். அதையும் சீட்டிலேயே எழுதிவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

உணவுக்கு வருகிறேன். வயதான தசைக்குப் புரதத்தின் சமிக்ஞை மந்தமாகத்தான் எட்டுகிறது. இளையவரின் தசை ஒரு வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.24 கிராம் புரதம் கிடைத்தாலே கட்டும் வேலையை முழுவீச்சில் செய்துவிடும். முதியவரின் தசைக்கு அதே வேலைக்கு சுமார் 0.4 கிராம் தேவைப்படுகிறது. அசையாமல் இருந்தால் இந்த மந்தம் கூடும், பயிற்சி செய்தால் குறையும். பயிற்சியையும் புரதத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

அம்மாவின் கணக்கு இப்படி. 77 கிலோவை வைத்துப் புரதம் கணக்கிட்டால் கொழுப்புக்கும் சேர்த்துக் கணக்கிட்டதாகிவிடும். அதனால் அவர் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 வரும் எடையான 60 கிலோவை எடுத்துக்கொண்டோம். கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் நாளுக்கு 72 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 24. அதுவரை அவர் சாப்பிட்டதை எழுதிப் பார்த்தபோது காலையில் 5 கிராம், மதியம் 12, இரவில் 18 என்றுதான் வந்தது. மொத்தம் 35. தேவையில் பாதி கூட இல்லை, அதிலும் காலை வேளை ஏறக்குறைய காலி. உணவியல் நிபுணர் ஒருவரின் உதவியோடு காலையில் இரண்டு முட்டையும் ஒரு பெரிய டம்ளர் பாலும் சேர்த்தோம், அதிலேயே 20 கிராம் வந்துவிட்டது. மற்ற வேளைகளில் மீன், தயிர், பருப்பு. மொத்தக் கலோரியை நாளுக்கு 300 முதல் 500 வரை மட்டும் குறைத்தோம். அதற்கு மேல் குறைத்தால் சாப்பிட்ட புரதமே எரிபொருளாகப் போய்விடும்.

சிறுநீரகத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே, டயாலிசிஸ் இல்லை என்றால் புரதத்தைக் கூட்டக் கூடாது. அங்கே எடைக் குறைப்பையே ஒத்திவைத்துப் பயிற்சியை மட்டும் செய்யலாம். 30-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் உங்கள் கண்காணிப்பில், ஆளைப் பொறுத்து முடிவெடுக்க வேண்டும். ஆனால் ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும் முதியவரிடமும் 'வயசாச்சு, புரதம் கிட்னிக்கு ஆகாது' என்று சொல்லி அனுப்புவது அவர் கால்களைப் பலிகொடுப்பது.

பசியைக் குறைக்கும் புதிய எடைக் குறைப்பு ஊசிகளை முதியோருக்கும் எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். பசி போனால் முதலில் தட்டிலிருந்து காணாமல் போவது புரதம்தான். எடையும் வேகமாக இறங்குகிறது, இறங்குவதில் ஒரு பங்கு தசை. மேலே சொன்ன நாற்காலிச் சோதனை முதல் ஊசிக்கு முன்பே நடக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அம்மாவின் எடை 73 கிலோ. முதல் முறை ஐந்து மாதத்தில் 8 கிலோ குறைந்தவர், இந்த முறை ஆறு மாதத்தில் 4 கிலோ. முதல் இரண்டு மாதம் தராசு அசையவே இல்லை, அவர் மனம் விட்டுப்போனார். அப்போது அவரைத் தாங்கியது நாற்காலிக் கணக்குதான்: 22, 19, 17 என்று மாதாமாதம் இறங்கியது. ஆறாவது மாதம் 14 நொடி. கைப்பிடிபலம் 17 கிலோ. உட்காரும்போது அந்தத் தொப்பென்ற சத்தம் இல்லை. இப்போதும் அவர் உடல் பருமன் உள்ளவர்தான், ஆசிய அளவான 12 நொடியை இன்னும் எட்டவில்லை. ஆனால் கைப்பிடியை இழுக்காமல் மாடி ஏறுகிறார்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. அறுபதைத் தாண்டிய யாருக்கும் எடைக் குறைப்பு எழுதும் முன், எடைக்குப் பக்கத்தில் நாற்காலி நொடியையும் எழுதுங்கள். 15 தாண்டியிருந்தால் உணவுத்திட்டமும் எடைப்பயிற்சியும் ஒரே நாளில் தொடங்கட்டும், முன்னது மட்டும் தனியாகப் போக வேண்டாம். மூன்று மாதம் கழித்து வரும்போது எடை, நொடி இரண்டையும் மறுபடி பாருங்கள். எடை குறைந்து நொடி கூடியிருந்தால் அன்றைக்குப் பாராட்டாதீர்கள். கலோரிக் குறைப்பை நிறுத்திவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டார், கடைசியாகப் பயிற்சியின் பாரம் எப்போது கூடியது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் மறுவாழ்வில் பணிபுரியும் ஒரு பிசியோதெரபிஸ்ட்